பழைய போன் படத்துக்குள் ஒரு தபால் பெட்டி: கிரெய்ன், மழுக்கம், நிறச் சாயல்

படம் 2009-இல் ஒரு இரண்டு மெகாபிக்சல் கேமரா போனில் எடுத்தது. அகலம் 1600 பிக்சல், உயரம் 1200. மாலை வெயில் சாய்வாக விழும் கோயில் மதில், அதில் வெள்ளையும் காவியுமாகப் பட்டைகள், மதிலை ஒட்டி மண் பாதை, ஒரு மின்கம்பம். எங்கள் தெருவின் பழைய படங்களைச் சேர்த்துவரும் நண்பருக்கு, அந்த மதிலோரம் பல காலம் நின்றிருந்த சிவப்புத் தபால் பெட்டி இந்தப் படத்தில் வேண்டும். படம் எடுப்பதற்கு முன்பே பெட்டியை அகற்றிவிட்டார்கள். பெட்டியோடு எடுத்த படம் யாரிடமும் அகப்படவில்லை. அந்தப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அடையாளம் சொன்னார்: நெஞ்சளவு உயரம், தலையும் அடியும் கருப்பு, கடிதம் போடும் வாய்க்கு மேல் சின்னதாக ஒரு கூரை. அதை வைத்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பெட்டியைச் செய்தேன்.

பெட்டியை உருவாக்கியதையும் கேமரா கோணத்தைப் பொருத்தியதையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு நல்ல பாடங்கள் நிறைய உண்டு. கோணம், அளவு, வெயிலின் திசை எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ரெண்டர் படத்தின்மேல் ஒட்டிய ஸ்டிக்கராகவே தெரியும். அதை எப்படிக் கரைப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

வழக்கமாகச் செய்வது இதுதான்: பெட்டியைப் படத்தின்மேல் வைத்து, கண்ணால் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் மழுக்குவார்கள், கிரெய்ன் என்னும் பொடிப்புள்ளிகளைக் கொஞ்சம் தூவுவார்கள், கொஞ்சம் மஞ்சள் ஏற்றுவார்கள். இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அந்தப் பெட்டி அந்தப் போனில் எப்படி விழுந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒப்பிட எதுவும் இல்லாமல் ஒப்பிடுகிறோம். ஆனால் அந்த மதிலும் பட்டைகளும் எப்படி விழுந்தன என்பது கண்முன்னே இருக்கிறது. ஆகவே நான் பெட்டியைப் பொருத்துவதில்லை. படத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை ரெண்டரிலும் செய்து, அந்தப் பொருள் படத்தோடு கலந்து மறையும்வரை ஒவ்வொரு படியையும் சரிசெய்வேன். அதைச் சாட்சி என்று அழைக்கிறேன். சாட்சி மறைந்ததும் அதே படிகளின் வழியாகப் பெட்டியை அனுப்பினால் போதும்.

இந்தப் படத்தில் சாட்சிக்குக் குறையே இல்லை. சுண்ணாம்பு வெள்ளை, நிறச் சாயலைச் சொல்லும். காவி, இந்தப் போன் சிவப்பை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லும். இரண்டும் சந்திக்கும் கோடு, கூர்மையைச் சொல்லும். மின்கம்பத்தின் நிழல் பட்டைகளின் குறுக்கே விழுவதால் ஒரே வெள்ளை வெயிலிலும் நிழலிலும் கிடைக்கிறது. இவை எல்லாம் பெட்டி நிற்கப்போகும் இடத்துக்கு அருகிலேயே, கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருக்கின்றன. அருகில் இருப்பது முக்கியம். பழைய போன் லென்சுகளில் ஓரங்கள் நடுப்பகுதியைவிட மழுங்கியிருக்கும். பல போன்களில் நடுவில் இளஞ்சிவப்பும் ஓரத்தில் பச்சையுமாகச் சாயல்கூட மாறும். படத்தின் வேறொரு மூலையில் அளந்த அளவு இங்கே செல்லாது.

அளக்கத் தொடங்கும் முன் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பர் முதலில் அனுப்பியது செய்திச் செயலி வழியாக வந்த நகல். அதில் படம் சுருங்கி, மறுபடி அழுத்தப்பட்டு, கிரெய்னில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. பழைய மெமரி கார்டிலிருந்து மூலக் கோப்பை வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினேன். இமேஜ்மேஜிக்கில் இந்த ஒரு வரி, கையில் இருப்பது எப்படிப்பட்ட கோப்பு என்று காட்டிவிடும்:

```
identify -format "%w %h %Q %[jpeg:sampling-factor]\n" theru.jpg
```

எனக்கு வந்த விடையில் கடைசிப் பகுதி `2x2,1x1,1x1`. ஒளி அளவு முழு 1600க்கு 1200-இலும், நிறத் தகவல் அதில் பாதியான 800க்கு 600-இலும் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சிவப்புப் பெட்டிக்கு இது பெரிய விஷயம், பின்னால் வருகிறேன்.

முதலில் நிறச் சாயல். கிரெய்னின் அளவு வெளிச்சத்தைப் பொறுத்து மாறும் என்பதால், வெளிச்சமும் நிறமும் நிலைபெறாமல் மற்றதைத் தொடுவதில் பயனில்லை.

வெயில் படும் வெள்ளைப் பட்டையின் சராசரி 228, 216, 193. அதே பட்டை கம்பத்தின் நிழலில் 104, 110, 118. வெயிலில் மஞ்சள், நிழலில் நீலம். படம் முழுக்க ஒரே சாயல் என்று நினைத்து ரெண்டரின்மேல் ஒரு மஞ்சள் அடுக்கைப் போர்த்தினால், பெட்டியின் வெயில் பக்கம் பொருந்தும், நிழல் பக்கம் பழுப்பாகிப் பிரிந்து நிற்கும். நிழலின் நீலம் வானத்திலிருந்து வருவது. அதை ரெண்டரின் விளக்கமைப்பிலேயே கொண்டுவர வேண்டும். இந்த எண்களை நேரியல் ஒளி அளவாக மாற்றிப் பார்த்தால் நிழலில் இருக்கும் ஒளி, வெயிலில் இருப்பதில் சிவப்பில் 0.18 பங்கு, பச்சையில் 0.23, நீலத்தில் 0.34. பிளெண்டரில் சூரியனையும் வானத்தையும் தனித்தனியாக வைத்து, சாட்சியின் வெள்ளையில் இந்த மூன்று விகிதங்களும் வரும்வரை வானத்தின் வலிமையையும் நிறத்தையும் மாற்றினேன். இது ஒன்று சரியானால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது போனின் குணம். பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக இருக்கும் `AgX` காட்சிமுறை, பளிச்சென்ற பகுதிகளை மெல்ல வெளுக்கவிட்டு ஃபிலிம் போன்ற தோற்றம் தரும். பழைய போன் அப்படிச் செய்வதில்லை. வெளிச்சம் எல்லையைத் தொட்டதும் சட்டென்று 255-இல் வெட்டிவிடும். இந்தப் படத்தின் வானம் முழுக்க 254, 255தான். அதனால் ரெண்டரை நேரியல் அளவிலேயே `OpenEXR` கோப்பாக எடுத்து, `Standard` முறையில் திறந்து, மூன்று நிறங்களுக்கும் தனித்தனி வளைகோடு போட்டேன். வளைகோட்டுக்கு மூன்று புள்ளிகள் போதும்: வெயில் வெள்ளை, நிழல் வெள்ளை, படத்திலேயே மிக இருண்ட இடம்.

மிக இருண்ட இடம் மதிலில் இருக்கும் ஒரு மாடத்தின் உட்பகுதி. அங்கே அளவு 22, 24, 33. சூரியனும் வெளுத்த வானமும் லென்சுக்குள் சிதறி, படம் முழுக்க மெல்லிய புகைபோல் ஒரு வெளிச்சத்தைப் படரவிடுகின்றன. எனவே இந்தப் படத்தில் உண்மையான கருப்பு என்று ஒன்றே இல்லை. ரெண்டரில் தபால் பெட்டியின் வாய்க்குள் அளவு 0, 1, 2 என்று கிடந்தது. படத்தின்மேல் வைத்ததும் அந்த வாய் மை ஊற்றியதுபோல் முன்னால் துருத்தியது. கண்ணை அரைகுறையாக மூடிப் பார்த்தால் இப்படிப்பட்ட கருப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வளைகோட்டின் அடிப்புள்ளியை 22, 24, 33-க்கு உயர்த்தியதும் பெட்டியின் வாயும் கருப்பு அடிப்பாகமும் மாடத்தின் இருளோடு ஒரே குடும்பமாயின.

காவியை வளைகோட்டுக்குப் பயன்படுத்தாமல் சோதனைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். வெள்ளை கச்சிதமாகப் பொருந்திய பிறகும் காவி பொருந்தவில்லை. சாட்சியில் அது 176, 86, 62. படத்தில் 158, 92, 74. மொத்த வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றுதான், சிவப்பின் செறிவுதான் அதிகம். அந்தக் காலத்துச் சின்ன சென்சாரின் நிற வடிகட்டிகள் ஒன்றின் ஒளியை இன்னொன்றுக்குக் கசியவிடும். போன் அதை முழுதாகத் திருத்துவதில்லை. தனித்தனி வளைகோடு எவ்வளவு போட்டாலும் இது சரியாகாது, நிறங்களை ஒன்றுக்குள் ஒன்று கலக்கத்தான் வேண்டும். வளைகோட்டுக்கு முந்தைய படியில் செறிவை ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைத்ததும் காவி 160, 92, 74-க்கு வந்தது. செறிவை வளைகோட்டுக்குப் பிறகு குறைத்தால் வெள்ளையின் மஞ்சளும் சேர்ந்து வெளுத்துவிடும், வரிசை மாறக்கூடாது. படத்தில் சாம்பல் நிறங்கள் மட்டும் இருந்து, செருகுவது பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் இந்தத் திருத்தத்துக்கு வழியே இல்லை. பெட்டியின் சிவப்பு நம்பும்படி இருப்பதற்கு முழுக் காரணம் அந்தக் காவிப் பட்டைதான்.

இனி மழுக்கம். படத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வெள்ளையும் காவியும் சந்திக்கும் கோட்டைப் பார்த்தேன். இந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் சுவரில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். கையால் அடித்த பட்டையாக இருந்தாலும் தூரிகையின் நெளிவு அதைவிடச் சிறியது. ஆக அங்கே தெரியும் மழுக்கம் கேமராவுடையதே. ஒரு பிக்சல் வரிசையை மட்டும் பார்த்தால் கிரெய்ன் குழப்பும். கோடு சாயாத ஓரிடத்தில் பத்து வரிசைகளைச் சராசரி எடுத்தேன்:

```python
import cv2, numpy as np
img = cv2.imread("theru.jpg")
ycc = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2YCrCb).astype(np.float32)
print(ycc[640:650, 410:440].mean(0).round())
```

ஒளி அளவு வெள்ளையில் 217-ஆக இருந்து காவியில் 110-க்கு இறங்குகிறது. ஏற்ற இறக்கத்தின் பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறு சதவீதம்வரை கடக்க மூன்றரை பிக்சல் ஆகிறது. ஆனால் அது நேராக இறங்கவில்லை. கோட்டுக்குச் சற்று முன் வெள்ளை 217-லிருந்து 226-க்கு ஏறுகிறது. கோட்டைத் தாண்டியதும் காவி 102-க்குத் தாழ்ந்து, பிறகே 110-க்குத் திரும்புகிறது. இது போன் தானாகச் செய்த கூர்மையாக்கம். மழுங்கிய லென்சை ஈடுகட்ட, ஒவ்வொரு விளிம்பின் இருபுறமும் மெல்லிய கோடு வரைந்துவிடும். பழைய போன் படம் மழுங்கியும் அதே நேரம் கரடுமுரடாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான். வெறும் மழுக்கம் மட்டும் போட்ட ரெண்டர் அதன் நடுவில் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் தெரியும்.

மூன்றரை பிக்சலை 2.56-ஆல் வகுத்தால் காஸியன் மழுக்கத்தின் சிக்மா கிடைக்கும். இங்கே ஏறத்தாழ 1.4. ஆனால் இது கூர்மையாக்கத்துக்குப் பிந்தைய அளவு. கூர்மையாக்கம் விளிம்பைக் குறுக்கிவிடும் என்பதால் அதற்கு முன் அதைவிட அதிகமாக மழுக்க வேண்டும். சாட்சியின் பட்டைக் கோட்டை 2-ஆல் மழுக்கி, ஆரம் 4, வலிமை 0.6 என்று கூர்மையாக்கியபோது இரண்டு வரைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. இதே மதிலின் மேல்விளிம்பைப் போன்ற கிடைக்கோடுகளில் அகலம் நான்கு பிக்சலுக்குச் சற்று மேல். பட்டன் அழுத்தும்போது போன் மேலும் கீழும் லேசாக அசைந்திருக்கிறது. செங்குத்துத் திசையில் மட்டும் மழுக்கத்தைச் சிறிது கூட்டினேன்.

மழுக்குவதை வளைகோட்டுக்கு முன், நேரியல் அளவிலேயே செய்ய வேண்டும். லென்ஸ் அந்த இடத்தில்தான் மழுக்குகிறது. பெட்டியின் தலையில் விழும் வெயில் பளபளப்பு அப்போதுதான் சரியாகப் பரவும். நிறத்தையும் ஆல்ஃபாவையும் சேர்த்தே, ஆல்ஃபாவால் பெருக்கிய நிலையில் மழுக்க வேண்டும். நிறத்தை மட்டும் தனியே மழுக்கினால், பெட்டிக்கு வெளியே இருக்கும் வெறுமையின் கருப்பு உள்ளே கசிந்து விளிம்பு முழுக்கக் கரிக்கோடு போட்டுவிடும்.

இப்போது அந்தச் சிவப்பு விஷயம். அதே கோட்டில் நிற அளவை மட்டும் பார்த்தால் கதை வேறு. ஒளி அளவு நான்கு பிக்சலுக்குள் மாறி முடிந்துவிடுகிறது. சிவப்போ மாறுவதற்கு எட்டு பிக்சல் எடுத்துக்கொள்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் காவியின் சாயல் வெள்ளைக்குள் மூன்று நான்கு பிக்சல் வழிந்து, கோட்டோரம் ரோஜா நிறத்தில் ஒரு பூச்சுத் தெரியும். நிறத் தகவல் பாதி அளவில் சேமிக்கப்படுவது ஒரு காரணம். போன் நிறக் கிரெய்னை அடக்குவதற்காக நிறத்தை மட்டும் தனியே தேய்த்திருப்பது இன்னொரு காரணம். எட்டு பிக்சல் என்பது முதல் காரணத்தால் மட்டும் வரக்கூடியதைவிட அதிகம்.

ஆக, பெட்டியின் சிவப்பும் மதிலின்மேல் சில பிக்சல் வழிய வேண்டும். கூர்மையாக்கத்தின் வெள்ளைக்கோடும் பெட்டிக்கு வெளியே, மதிலின் பக்கம் விழ வேண்டும். இரண்டும் ஆல்ஃபா எல்லைக்கு வெளியே நடப்பவை. ரெண்டரை மட்டும் தனியே பதப்படுத்தி மேலே வைக்கும் எந்த முறையிலும் இவை வராது. சிவப்புப் பொருள்கள் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிவது பெரும்பாலும் இங்கேதான். நான் செய்தது: மழுக்கிய பெட்டியை முதலில் படத்தோடு சேர்த்துவிட்டு, பெட்டியையும் அதைச் சுற்றி எட்டு பிக்சல் அகலப் பட்டியையும் ஒரு முகமூடியாக எடுத்தேன். அந்த முகமூடிக்குள் மட்டும் ஒளி அளவைக் கூர்மையாக்கி, இரண்டு நிற அளவுகளையும் சிக்மா 2.5-ஆல் மழுக்கினேன். பட்டிக்குள் இருக்கும் மதில் இரண்டாம் முறை கூர்மையாவது உண்மைதான். பட்டியின் வெளிவிளிம்பை மெல்லத் தேய்த்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் போவதில்லை.

கிரெய்ன் கடைசியில் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ரெண்டரில் சைக்கிள்ஸ் விட்டுவைக்கும் புள்ளிகளை அப்படியே கிரெய்னாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அவை பெரும்பாலும் நிழலிலும் மறைமுக வெளிச்சத்திலும் குவியும். கேமராவின் கிரெய்ன் இருக்கும் இடங்களே வேறு. ரெண்டர் சுத்தமாக இருக்க வேண்டும், கிரெய்னை நாம்தான் போட வேண்டும்.

போட வேண்டியதை மூன்று கேள்விகளால் அளந்தேன்: எவ்வளவு வலிமை, எவ்வளவு பெரிய புள்ளி, எந்த வெளிச்சத்தில் எவ்வளவு. சமதளமான ஒரு சதுரத்தை எடுத்து, அதன் மழுக்கிய நகலைக் கழித்தால் சுவரின் கறையும் வெளிச்சச் சரிவும் போய்க் கிரெய்ன் மட்டும் மிஞ்சும்:

```python
p = ycc[620:684, 300:364]
hp = p - cv2.GaussianBlur(p, (0, 0), 8)
print(p.mean((0, 1)), hp.std((0, 1)))
y = hp[:, :, 0]
for d in (1, 2, 3):
    print(d, np.corrcoef(y[:, :-d].ravel(), y[:, d:].ravel())[0, 1])
```

ஒளி அளவின் திட்டவிலக்கம் காவியில் 5, வெயில் வெள்ளையில் 2.6, மாடத்தின் இருளில் 3.4, வானத்தில் கிட்டத்தட்ட பூச்சியம். வெட்டுப்பட்ட வெளிச்சத்தில் கிரெய்னும் வெட்டுப்பட்டுவிடுகிறது. நடு வெளிச்சத்தில்தான் அது அதிகம். படம் முழுக்க ஒரே அளவாகத் தூவுவது ஏன் பொய்யாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே விடை: பெட்டியின் தலையில் இருக்கும் பளபளப்பில் புள்ளிகள் தெரிந்தால் அதை எந்தப் போனும் எடுத்திருக்க முடியாது.

புள்ளியின் அளவை அடுத்தடுத்த பிக்சல்களின் ஒட்டுறவு சொல்கிறது. ஒரு பிக்சல் தள்ளி 0.6, இரண்டு பிக்சல் தள்ளி 0.13. கணினி உருவாக்கும் சாதாரணக் கிரெய்னில் இது பூச்சியம். ஒவ்வொரு பிக்சலும் தன் போக்கில் துள்ளும். படத்தில் இருப்பவை நிறத்தை இட்டு நிரப்பும் கணக்கும் தேய்ப்பும் ஜேபெக் அழுத்தமும் சேர்ந்து உருட்டிய சிறு உருண்டைகள். சிக்மா 0.7 மழுக்கம் இந்த ஒட்டுறவைத் தரும். நிறக் கிரெய்னின் உருண்டைகள் இன்னும் பெரியவை. நான்கு பிக்சல் தள்ளியும் ஒட்டுறவு பாதிக்கு நிற்கிறது. அதற்குச் சிக்மா 2.4 ஆயிற்று.

மழுக்கினால் கிரெய்னின் வலிமையும் சரிந்துவிடும். 0.7-ஆல் மழுக்கும்போது ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சும். மழுக்கிய பிறகு மறுபடி அளந்து உயர்த்த வேண்டும். கீழே வகுக்கும் வரி அதற்குத்தான். இங்கே `Y` என்பது சேர்த்து முடித்த படத்தின் ஒளி அளவு, `mask` என்பது சுற்றுப் பட்டி சேராத, பெட்டியின் முகமூடி:

```python
rng = np.random.default_rng(7)
n = rng.standard_normal((1200, 1600)).astype(np.float32)
n = cv2.GaussianBlur(n, (0, 0), 0.7)
n /= n.std()
Y += mask * n * np.interp(Y, [25, 110, 217, 252], [3.4, 5.0, 2.6, 0.2])
```

நிறத்துக்கும் இதே முறை, வேறு எண்கள். காவியில் சிவப்பு அளவின் விலக்கம் 3.4, வெள்ளையில் 1.5 மட்டுமே. சிவப்புப் பரப்பிலிருந்து பச்சை, நீல வடிகட்டிகளுக்கு வரும் ஒளி சொற்பம். அந்தச் சொற்பத்தைப் போன் பெருக்கும்போது பிழையும் பெருகி, சிவப்பில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். பெட்டியின் சிவப்புக்குக் காவியின் எண்களையே போட்டேன். அது இல்லாதவரை பெட்டி புத்தம்புதுப் பெயின்ட் அடித்ததுபோல் வழவழவென்று இருந்தது. போட்டதும் வெயிலில் கிடந்த பெட்டியானது.

படத்தின் மதிலிலிருந்தே கிரெய்னை வெட்டியெடுத்து ஒட்டலாமே என்று கேட்கலாம். கிம்ப்பில் அதற்கென்றே `Grain extract`, `Grain merge` என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. பெட்டி சிறியதாக இருந்தால் நல்ல வழிதான். இந்தப் பெட்டி முந்நூறு பிக்சலுக்கு மேல் உயரம். அவ்வளவு பெரிய சுத்தமான காவிப் பரப்பு படத்தில் இல்லை. சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அந்தத் திரும்பல் கண்ணில் படும்.

நிழலில் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியின் நிழலை மண்பாதைமேல் பெருக்கல் முறையில்தான் எல்லோரும் போடுவார்கள். கம்பத்தின் நிழலில் அளந்த எண்களை நேரியலாக மாற்றாமல் வகுத்தால் வரும் 0.46, 0.51, 0.61 என்ற விகிதங்களை மூன்று நிறங்களுக்கும் அப்படியே எடுத்துக்கொண்டேன். நிழலின் நீலம் தானாக வந்துவிட்டது. ஆனால் பெருக்கும்போது படத்தின் சொந்தக் கிரெய்னும் பாதியாகிவிடுகிறது. வெயில் மண்ணில் ஒளி 150, கிரெய்ன் 4. நிழலில் ஒளி 75 ஆகும்போது கிரெய்ன் 2 ஆகிறது. அந்த வெளிச்சத்துக்கு இந்தப் போனின் உண்மையான அளவோ 4.3. பக்கத்தில் இருக்கும் கம்பத்தின் நிழல் சொரசொரவென்று இருக்க, பெட்டியின் நிழல் மட்டும் துணிபோல் வழவழப்பாகிவிடும். விலக்கங்களை நேராகக் கழிக்கக்கூடாது, அவற்றின் இருமடிகளைத்தான் கழிக்க வேண்டும்: 4.3-இன் இருமடியிலிருந்து 2-இன் இருமடியைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 3.8. அந்த அளவு கிரெய்னை நிழலுக்குள் மட்டும் கூடுதலாகப் போட்டேன்.

பிறகு ஜேபெக். படத்தில் இருக்கும் எட்டுக்கு எட்டுக் கட்டங்களின் தடம் பெட்டியிலும் இருக்க வேண்டும். படத்தை வெட்டாமல், சுருக்காமல், நகர்த்தாமல் வைத்திருந்தால் கட்டங்கள் தாமாகவே பொருந்தும். மூலக் கோப்பின் அழுத்த அட்டவணையையே எடுத்துச் சேமிக்கலாம்:

```python
from PIL import Image
src = Image.open("theru.jpg")
out = Image.open("kootu.png").convert("RGB")
out.save("mudivu.jpg", qtables=src.quantization, subsampling=2)
```

அழுத்தம் கிரெய்னைச் சற்றுத் தின்றுவிடும். சேமித்த கோப்பைத் திறந்து காவிச் சாட்சியில் மறுபடி அளந்தபோது 5-க்குப் பதில் 4.6 வந்தது, முந்தைய படியில் எல்லா அளவுகளையும் பத்தில் ஒரு பங்கு கூட்டினேன்.

சோதனை மூன்று விதம். முதலாவது சாட்சிதான்: ரெண்டரில் செய்த பட்டைத் துண்டை உண்மையான பட்டையின்மேல் வைத்து, அதன் எல்லை எங்கே என்று விரலால் காட்டமுடிகிறதா என்று பார்ப்பேன். வேலை தெரிந்த ஒருவரிடம் இடம் சொல்லாமல் காட்டுவது இன்னும் நல்லது. இரண்டாவது, நீல நிறத்தை மட்டும் தனியாகப் பார்ப்பது. போன் படங்களில் நீலம்தான் மிக மோசமாக இருக்கும். மூன்றும் சேர்ந்த படத்தில் ஒளிந்திருக்கும் வேறுபாடு அங்கே பளிச்சென்று தெரியும். மூன்றாவது, மேலே செய்ததுபோல் மழுக்கிய நகலைக் கழித்து, மிஞ்சும் கிரெய்னை எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவது. பெட்டியின் உருவம் அதில் வழவழப்பான ஓட்டையாகத் தெரிந்தால் கிரெய்ன் குறைவு. மணல்மேடாகத் தெரிந்தால் அதிகம். நிறச் சாயலுக்கு மட்டும் இதற்கு நேர்மாறாக, படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். கிரெய்னும் கூர்மையும் மறைந்துபோன அந்த அளவில் சாயல் பிசகு தனித்துத் தெரியும்.

கிரெய்னைப் பெருக்கிய காட்சியில் இன்னும் ஒரு குறை நிற்கிறது. போனின் தேய்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை: சமதளத்தில் அதிகம் தேய்க்கும், விளிம்பு கண்டால் ஒதுங்கும். அதனால் உண்மையான படத்தில் பட்டைக் கோடுகளை ஒட்டிக் கிரெய்ன் தடித்தும் நடுவில் அடங்கியும் இருக்கிறது. என் பெட்டியில் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுகிறதே தவிர விளிம்புக்கு ஏற்ப மாறவில்லை. பெட்டியின் வாயையும் கூரையையும் சுற்றி ஐந்து பிக்சல் அகலத்தில் கிரெய்னை இருபது சதவீதம் கூட்டிப் பார்த்தேன். நெருங்கி வருகிறது, முழுதாக மறையவில்லை. 100 சதவீத அளவில் இது தெரிவதில்லை என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

நண்பருக்குக் கொடுத்த கோப்போடு பெட்டியில்லாத மூலத்தையும் சேர்த்தே கொடுத்தேன். தபால் பெட்டி அடையாளம் கேட்டுக் கணினியில் உருவாக்கியது என்பதைப் படத்தின் கீழ் எழுதவும், கோப்பின் விவரக் குறிப்பிலும் சேர்க்கவும் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பொருந்தியிருக்கும் ஒரு பொருளைப் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அது 2009-இல் அங்கே நின்றதாகவே எடுத்துக்கொள்வார்.